கிரகண நாளில் திருமலை

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு முழு சந்திர கிரகணம் என்பதால், திருமலை ஏழுமலையான் கோயிலின் நடை பிற்பகல் 3.30 மணிக்கே சாத்தப்படும் என்று தேவஸ்தானம் முன்கூட்டியே அறிவித்தது.

கிரகணம் பிடிப்பது இரவு 9.57-க்குத்தானே? தொடங்குவதற்கு ஆறு மணி நேரம் முன்பே நடை சாத்துவது அங்குள்ள வழக்கம். அதனால் மாலையில் நடக்கும் ஊஞ்சல் சேவை, சகஸ்ர தீபாலங்கார சேவை ஆகியவை ரத்தாயின.

நள்ளிரவு கடந்து 1.26-க்கு கிரகணம் விட்டது. நடை திறப்பு அதிகாலை 3 மணி. பக்தர்களுக்குத் தரிசனமோ காலை 6 மணிக்குத்தான். இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் கோயிலைக் கழுவிச் சுத்தி செய்து, புண்ணியாகவாசனம் நடத்தி, அன்றாடப் பூஜைகளையும் முடித்தாக வேண்டும். நடை திறக்கும் நேரத்தை மட்டும் பார்த்துப் புறப்பட்டவர் விடியும்வரை காத்திருக்க நேரும். ஆகவே, இத்தகைய அறிவிப்பில் தரிசன நேரத்தைத் தனியே கவனிப்பது அவசியம்.

எல்லாக் கோயில்களும் இப்படி மூடுவதில்லை. திருப்பதிக்கு அருகேயுள்ள ஸ்ரீகாளஹஸ்தியில் கிரகண வேளையிலும் நடை திறந்திருக்கும். காளஹஸ்தீஸ்வரருக்கு அப்போது அபிஷேகமும் நடைபெறும். ராகு கேது பரிகாரத் தலமான அங்கே கிரகண தோஷம் அண்டாது என்பது பக்தர்களின் நம்பிக்கை.