கண்ணாடி அலுமாரிக்குப் பூட்டு, மிதவைச் சாக்குக்கு?

மட்டக்களப்பு வாவிக்கரையில், மீன்பிடிக் குடும்பங்களின் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு கடைக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். வலை, கயிறு, படகு இயந்திரத்துக்கான உதிரிப்பாகங்கள் என ஏறக்குறைய 40 வகைச் சாமான்கள் அங்கே விற்கப்படுகின்றன. வியாபாரம் மோசமில்லை. ஆனால் மாதக் கடைசியில் கையில் காசு இருப்பதில்லை. மொத்த வியாபாரிக்குக் கொடுக்க மாதம் நூற்றுக்கு 2 ரூபா வட்டிக்குக் கடன் எடுப்பார்கள். முதலில் அவர்களுடைய சேமிப்பு போனது, பிறகு இலாபமும் போகத் தொடங்கியது.

முதல் நாள் என் கண்ணில் பட்டது கண்ணாடி அலுமாரி. உள்ளே 20,000 ரூபா பெறுமதியான புரொப்பலர்கள், அலுமாரிக்குப் பூட்டு. கதவோரத்தில் திறந்த சாக்கில் வலை மிதவைகள். எண்ணிப் பார்ப்பதில்லையா என்று கேட்டேன். "மிதவைய யாரு மனே களவெடுக்கப் போறா? ஒண்டு நாப்பது ரூபாதானே" என்றார் கடையின் மூத்த அக்கா.

ஒரு வருடப் பற்றுச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். அந்த வருடம் போன புரொப்பலர் 6. அதாவது 1,20,000 ரூபா. போன மிதவை 9,000. அதாவது 3,60,000 ரூபா. பூட்டு இருந்த இடத்தைப் போல மூன்று மடங்கு பணம் திறந்த சாக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

இருப்புக் கட்டுப்பாட்டில் 'ஏபிசி பகுப்பாய்வு' என்று சொல்லப்படுவதன் அடிப்படை இதுதான். ஒரு சாமானின் தனி விலையைப் பார்க்காமல், வருடத்தில் அது எத்தனை போனது என்பதைக் கொள்வனவு விலையால் பெருக்க வேண்டும். வருவது வருடாந்தப் பாவனைப் பெறுமதி. அதைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால் பணம் எங்கே குவிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபோர்ட் டிக்கி 1951இல் இந்த முறையை எழுதி வெளியிட்டார். எங்களுக்கு ஒரு கொப்பியும் கல்குலேட்டரும் போதுமாக இருந்தன.

தொகைகளை விளங்குவதற்காக முழு எண்களாக்கித் தருகிறேன். கடையின் மொத்த வருடப் பெறுமதி 60 இலட்சம். அதில் நைலோன் வலை 21,60,000. படகு இயந்திரத்துக்கான ஒயில் 15,00,000. வலைக்கயிறு 6,00,000. பிறகு மிதவை, அதற்கடுத்து ஈயம் 3,00,000. இந்த ஐந்து சாமான்களும் சேர்ந்து 49,20,000, நூற்றுக்கு 82. இவை 'ஏ' வகை. ஸ்பார்க் பிளக், நூலுருண்டை, புரொப்பலர் முதலான எட்டுச் சாமான்கள் 7,80,000, இவை 'பி'. மிகுதி 27 சாமான்களும் சேர்ந்து வெறும் 3 இலட்சம், இவை 'சி'. எங்கே கோடு கிழிப்பது என்பதற்குக் கறாரான விதி இல்லை. பெறுமதி சட்டென்று குறையும் இடத்தில் கிழித்தால் போதும்.

அதுவரை எல்லாச் சாமானையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுப்பார்கள். வந்த நாளில் மூன்று மாதச் சரக்கு இருக்கும், கடைசி நாளில் ஒன்றும் இருக்காது. ஆகவே சராசரியாக ஒன்றரை மாதச் சரக்கு, 7,50,000 ரூபா, எப்போதும் தட்டில் தூங்கும். 'ஏ' வகையை மாதம் ஒருமுறை எடுத்தால் அதில் தூங்கும் பணம் 6,15,000இலிருந்து 2,05,000ஆக இறங்கும். 'பி' வகை முன்போலவே 97,500. 'சி' வகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் 37,500 என்பது 75,000ஆக ஏறும். மொத்தம் 3,77,500. தூங்கும் பணம் பாதியாகிவிடுகிறது. ஓடர் எழுதும் வேலையும் கூடவில்லை. முன்பு வருடத்துக்கு 160 தடவை, இப்போது 146.

ஆனால் மொத்த வியாபாரி சும்மா இருக்கவில்லை. மூன்று மாதச் சரக்கை ஒன்றாக எடுத்தால் நூற்றுக்கு ஒரு ரூபா கழிவு தருவதாகச் சொன்னார். 49,20,000க்கு அது 49,200. நாங்கள் விடுவிக்கும் 4,10,000க்கு வருட வட்டி 98,400. ஆகவே மாத ஓடரே மேல். அவர் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் தந்திருந்தால் கணக்கு மறுபக்கம் சாய்ந்திருக்கும். லொறிக் கூலி கூடாமலிருக்க ஐந்து சாமானையும் ஒரே ஓடரில் சேர்த்துக்கொண்டோம்.

கட்டுப்பாடு என்பது பூட்டு மட்டுமல்ல. 'ஏ' வகைக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் இருப்பு அட்டை, வாரம் ஒருமுறை கையால் எண்ணிக்கை. முதல் எண்ணிக்கையிலேயே நான்கு வலைத் துண்டு குறைந்தது, 36,000 ரூபா. களவில்லை. தெரிந்தவர்களுக்குக் கடனாகக் கொடுத்துவிட்டு எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து எண்ணியிருந்தால் யாருக்குக் கொடுத்தோம் என்பதே மறந்திருக்கும். மிதவையை ஒவ்வொன்றாக எண்ணுவது வீண்வேலை. நூறு மிதவையின் நிறையைப் பார்த்து வைத்துக்கொண்டு, சாக்கை நிறுத்து வகுக்கிறோம். வலை ஊசி போன்ற 'சி' சாமானுக்கு அட்டையே இல்லை. இரண்டு டின், ஒன்று முடிந்தால் அடுத்ததைத் திறக்கும்போது ஓடர்.

இந்த முறை எங்களை ஏமாற்றியதும் 'சி' வகையில்தான். இயந்திரத்துக்குக் குளிர்நீர் இழுக்கும் சிறிய இறப்பர் சக்கரத்தை 'இம்பெலர்' என்பார்கள். விலை 2,500, வருடத்தில் 10 போகும், பெறுமதி 25,000. பட்டியலின் கீழே கிடந்ததால் யாரும் கவனிக்கவில்லை, முடிந்துவிட்டது. நல்ல மீன்பாடு உள்ள கிழமையில் ஒருவர் வந்து வெறுங்கையோடு திரும்பினார். அது இல்லாமல் ஓடினால் இயந்திரம் சூடேறி இறுகிவிடும். அவருடைய நாட்கூலி நட்டம் எங்கள் கணக்கில் வராது, அவர் வீட்டில்தான் வரும். ஆஸ்பத்திரி மருந்துக் களஞ்சியங்களில் இதற்காகத்தான் மருந்தை உயிர்காப்பது, அத்தியாவசியமானது, மற்றவை என்று இன்னொரு விதமாகவும் பிரிக்கிறார்கள். நாங்களும் பட்டியலில் ஐந்து 'சி' சாமான்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தோம். இம்பெலர் எப்போதும் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று போன அன்றே ஓடர். அதற்கு முடங்கும் பணம் 5,000தான்.

வருடச் சராசரிக்கு இன்னொரு குறையும் உண்டு. மாரியில் கடல் கொந்தளிக்கும்போது ஒயில் விற்காது. பன்னிரண்டால் வகுத்த அளவை மார்கழியில் எடுத்தால் பீப்பாய் அப்படியே கிடக்கும். எந்தச் சாமான் முக்கியம் என்பதைத்தான் பட்டியல் சொல்லும். அந்த மாதம் எவ்வளவு எடுப்பதென்பதை வாவியைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இதையெல்லாம் விளக்கியபோது அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் படுவான்கரையில் வளர்ந்தவர். 2007 வரை சோதனைச்சாவடி தாண்டி பற்றரியும் எண்ணெயும் கொண்டுவருவதே பெரும்பாடு. பாதை எப்போது பூட்டுமென்று தெரியாது. "வந்த நேரம் வாங்கி வைக்காட்டி அடுப்பெரியாது மனே" என்றார். அந்த நாட்களில் அவர் செய்ததுதான் சரி. சாமான் வருமா என்பதே தெரியாதபோது, இருப்பைக் குறைக்கும் எந்தக் கணக்கும் பொருந்தாது. 2022இல் டொலர் ஏறி எரிபொருள் வரிசை நீண்டபோதும் அப்படித்தான். முதல் வருட விலையில் போட்ட பட்டியலுக்கு அர்த்தமே இருக்கவில்லை. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது விலையில் மீண்டும் அடுக்குகிறோம். லொறி இரண்டு முறை பிந்தினால் வலையையும் ஒயிலையும் மட்டும் ஒரு மாதம் கூட்டி எடுப்பதென்று அக்காவும் நானும் உடன்பட்டோம்.

கடைசியாக அடுக்கியபோது பட்டியலின் அடியில் பூச்சியத்தோடு மூன்று சாமான்கள் நின்றன. அதிலொன்று, இங்கே யாரும் பாவிக்காத கண் அளவில் ஒரு கட்டு வலை. வாங்கிய விலைக்கும் குறைவாக அதை விற்றுவிடலாமா என்று இந்தக் கிழமைதான் பேசிக்கொண்டிருக்கிறோம். கண்ணாடி அலுமாரியில் பூட்டு இன்னும் இருக்கிறது. மிதவைச் சாக்கு உள்ளறைக்குப் போய்விட்டது.