காந்தத்தில் புகுந்த ஹைட்ரஜன்

1960-களின் இறுதியில், நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் உள்ள பிலிப்ஸ் ஆய்வகத்தில் காந்த உலோகக் கலவைகளை ஆராய்ந்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள்: சமாரியம்-கோபால்ட் காந்தப் பொடி ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டது. அந்த வழியே தேடியபோது லாந்தனம்-நிக்கல் கலவை கிடைத்தது.

அதன் மேற்பரப்பைத் தொட்டதும் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. அந்த அணுக்கள் உலோக அணுக்களுக்கு நடுவேயுள்ள நுண்ணிய இடைவெளிகளில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அறை வெப்பநிலையும் சில வளிமண்டல அழுத்தமும் போதும். லேசாகச் சூடாக்கினால் வாயு வெளியே வந்துவிடும். உறிஞ்சும்போது கலவை சுமார் 25 சதவீதம் பருப்பதால், அது வெடித்து வெடித்துப் பொடியாகிறது.

உண்மையான தொல்லை எடைதான். கலவையின் எடையில் ஏறக்குறைய 1.4 சதவீதம் மட்டுமே ஹைட்ரஜன். ஒரு காருக்குத் தேவையான 5 கிலோவைச் சேமிக்க 350 கிலோவுக்கு மேல் உலோகம் வேண்டும்.

மக்னீசியம் 7.6 சதவீதம் கொள்ளும். ஆனால் வேகம் மிகக் குறைவு. அதன் மேற்பரப்பு மூலக்கூறுகளை எளிதில் பிளப்பதில்லை. முதலில் உருவாகும் ஹைட்ரைடுப் படலமோ பின்வரும் அணுக்களுக்கு வழிமறிக்கிறது. நுண்பொடியாக அரைத்து நிக்கல் சேர்த்தால் வேகம் கூடும். அப்போதும் ஹைட்ரஜனை மீட்கச் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. சேர்க்கைப் பொருள் பிணைப்பின் வலிமையைக் குறைப்பதில்லை.

ஆகவே கார்களுக்கு இது இன்னும் பொருந்தவில்லை. எடை பொருட்டாகாத ஜெர்மானிய 212 ரக நீர்மூழ்கிக் கப்பல்களோ ஹைட்ரஜனை உலோக ஹைட்ரைடு உருளைகளில்தான் கொண்டுசெல்கின்றன.