பங்கு மூழ்கும் நாள்

சென்ற வாரம் நகைக் கடன் எப்படி ஏலத்துக்குப் போகிறது என்று பார்த்தோம். இந்த வாரம், நகை இருந்த இடத்தில் பங்குகளையும் மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்களையும் வைத்துப் பார்ப்போம். "விக்க மனசு வரலை சார். வித்தா வரி வேற கட்டணும். அதுக்கு அடமானம் வச்சுப் பணத்தை எடுத்துக்கறேன், மார்க்கெட்டும் ஏறிக்கிட்டே இருக்கும்" என்று சொல்பவர்கள் இன்று அதிகம். கைப்பேசியில் நாலு முறை ஓடிபி போட்டால் போதும், சில மணி நேரத்தில் பணம் வந்துவிடுகிறது. வாங்குவது இத்தனை சுலபமாக இருப்பதால்தான் அதன் மறுபக்கத்தை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கடன் நடக்கும் விதம் இதுதான். மியூச்சுவல் ஃபண்ட் என்றால், உங்கள் யூனிட்கள் உங்கள் ஃபோலியோவிலேயே இருக்கும். ஃபண்ட் நிறுவனங்களின் பதிவேட்டைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் போன்ற நிறுவனங்கள், கடன் கொடுத்தவர் பெயரில் அவற்றின்மேல் 'லியன்' குறித்துவிடும். அதன்பின் அவர் சம்மதமில்லாமல் நீங்கள் ஒரு யூனிட்டைக்கூட விற்க முடியாது. ஆனால் அவர் விற்கலாம். பங்குகள் என்றால் டீமேட் கணக்கில் அடமானம் பதிவாகும். பெரும்பாலும் இது ஓவர்டிராஃப்ட் கணக்காகவே கிடைக்கிறது. எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. இந்த வசதி உண்மையிலேயே நல்லது, அதை மறுக்கவில்லை.

எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் முக்கியமான விஷயம். பங்குகளின் மதிப்பில் பாதிக்கு மேல் கடன் நிற்கக் கூடாது என்று, 100 கோடி ரூபாயோ அதற்கு மேலோ சொத்துள்ள வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2014-ல் விதி வகுத்தது. விலை இறங்கி அந்தப் பாதி மீறப்பட்டால், 7 வேலை நாட்களுக்குள் பற்றாக்குறையை ஈடுகட்ட வேண்டும் என்றும் அதே விதி சொன்னது. ஈக்விட்டி ஃபண்ட்களுக்கும் கடன் தருபவர்கள் பெரும்பாலும் பாதியை ஒட்டித்தான் தருகிறார்கள். விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இங்கே கணக்குக்காகப் பாதி என்றே வைத்துக்கொள்கிறேன்.

நகைக் கடனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான் வருகிறது. நகையை வைத்தால் தவணைக்காலம் முடியும்வரை பொதுவாக யாரும் உங்களைத் தேட மாட்டார்கள். அதன்பிறகு நோட்டீஸ், அவகாசம், பிறகுதான் ஏலம். நகை மூழ்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். பங்கு அடமானத்தில் உங்கள் சொத்தை ஒவ்வொரு நாளும் அன்றைய விலைக்கு மதிப்பிடுகிறார்கள். நீங்கள் எடுக்கக்கூடிய வரம்பும் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குகிறது. வாங்கிய கடன் மட்டும் இறங்குவதே இல்லை. வரம்பு கடனுக்குக் கீழே போய்விட்டால் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வரும். அதுதான் மார்ஜின் கால். பணத்தைக் கட்டுங்கள், அல்லது இன்னும் யூனிட்களை அடகு வையுங்கள், அல்லது விற்கிறோம்.

2020-ஐ எடுத்துக்கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திருச்சியில் பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, சந்தை எண்கள் உண்மை. ஜனவரி 17, 2020 அன்று நிஃப்டி 12,352-ல் முடிந்தது. அன்று நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் அவருக்கு 20 லட்சம் இருக்கிறது. வீட்டு மாடி கட்ட 10 லட்சம் வேண்டும். யூனிட்களை விற்றால் அதில் 4 லட்சம் லாபம் என்று வையுங்கள். அன்றைய விதிப்படி முதல் 1 லட்சம் போக மீதிக்கு 10 சதவீத வரி, அதாவது சுமார் 30,000 ரூபாய். அதைக் கட்ட மனமில்லாமல் 20 லட்சத்தையும் அடகு வைத்து, வரம்பு முழுவதையும், 10 லட்சத்தை, எடுத்துவிடுகிறார்.

வரம்பு முழுவதையும் எடுத்த மறுநாளே, சந்தை ஒரு சதவீதம் இறங்கினாலும் அவர் பற்றாக்குறையில் நிற்கிறார். பலர் இதை யோசிப்பதே இல்லை. பிப்ரவரி 28-ல் நிஃப்டி 11,201. அவர் யூனிட்களின் மதிப்பு 18.14 லட்சம், வரம்பு 9.07 லட்சம். முதல் செய்தி வருகிறது. சேமிப்புக் கணக்கில் இருந்த 93,000 ரூபாயை எடுத்துக் கட்டுகிறார். 'இத்தோடு முடிந்தது, சந்தை திரும்பிவிடும்' என்று நினைத்திருப்பார். அப்போது யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மார்ச் 12-ல் நிஃப்டி 9,590. வரம்பு 7.76 லட்சம், பற்றாக்குறை 1.31 லட்சம். இரண்டாவது செய்தி வருகிறது, 7 வேலை நாள் அவகாசம். வீட்டில் பணம் இல்லை. மச்சானைக் கேட்கிறார், கூட்டுறவு வங்கியில் கேட்கிறார். அந்த ஏழாவது வேலை நாள் எது தெரியுமா? மார்ச் 23. நிஃப்டி ஒரே நாளில் ஏறத்தாழ 13 சதவீதம் சரிந்து 7,610-ல் முடிந்த நாள். அவருடைய 20 லட்சம் இப்போது 12.32 லட்சம். வரம்பு 6.16 லட்சம், கடன் 9.07 லட்சம். 1.31 லட்சத்துக்கு அலைந்துகொண்டிருந்தவருக்குப் பற்றாக்குறை 2.91 லட்சமாகிவிட்டது. அவகாசம் என்று கொடுத்த நாட்களிலேயே பள்ளம் இரட்டிப்புக்கு மேல் ஆழமாகிவிட்டது.

இப்போது நிறுவனம் விற்கிறது. 2.91 லட்சம் பற்றாக்குறைக்கு 2.91 லட்சம் விற்றால் போதும் என்றுதான் தோன்றும். போதாது. விற்கும் ஒவ்வொரு ரூபாயும் கடனை ஒரு ரூபாய் குறைக்கிறது. அதே நேரம் அடகில் உள்ள சொத்தையும் ஒரு ரூபாய் குறைப்பதால் வரம்பு 50 காசு இறங்கிவிடுகிறது. ஆக, ஒரு ரூபாய் விற்றால் பற்றாக்குறையில் அடைபடுவது 50 காசுதான். எனவே இரண்டு மடங்கு விற்க வேண்டும். 5.82 லட்சம். அவரிடம் இருந்த யூனிட்களில் 47 சதவீதம், அந்த ஆண்டின் மிகக் குறைந்த விலையில் போகிறது. மிச்சம் 6.50 லட்சம் மதிப்புள்ள யூனிட்களும் 3.25 லட்சம் கடனும். பாதிதான் கடன் என்பது பாதுகாப்பு என்று நினைத்தவரைக் காலை வாருவது இந்தக் கணக்குதான்.

சந்தை திரும்பியது. நவம்பர் 9-ல் நிஃப்டி 12,461. அவர் நம்பியது பலித்தது. ஆனால் அவரிடம் மிஞ்சிய யூனிட்களின் மதிப்பு சுமார் 10.6 லட்சம்தான். கடன் 3.25 லட்சத்தைக் கழித்தால் 7.4 லட்சத்துக்கும் குறைவு. நடுவில் கைக்காசு 93,000 வேறு போட்டிருக்கிறார். வட்டி தனி. ஜனவரியிலேயே 10 லட்சத்துக்கு விற்றிருந்தால், நவம்பரில் 10 லட்சத்துக்குச் சற்று மேல் மதிப்புள்ள யூனிட்கள் கடனில்லாமல் இருந்திருக்கும், சேமிப்பில் கை வைத்திருக்கவும் தேவையில்லை. 30,000 ரூபாய் வரியை மிச்சப்படுத்தப் போய், வட்டியையும் சேர்த்தால் ஏறத்தாழ 4 லட்சம் போனது. சந்தையைப் பற்றிய அவர் கணிப்பு சரி. பத்து மாதம் தாக்குப்பிடிக்கக் கையில் பணம் இல்லை, அவ்வளவுதான்.

வரியைப் பற்றி இன்னொன்று. ஜூலை 23, 2024 முதல் நீண்டகால லாபத்தில் 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் கணக்கின் திசை மாறவில்லை. 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றால் 1 லட்சம், ஒவ்வொரு வருடமும். வரி ஒரே ஒரு முறை. கடன் வாங்குவதால் அந்த வரி ஒழிந்தும் போவதில்லை, தள்ளிப்போகிறது. நிறுவனம் கட்டாயமாக விற்றாலும் சட்டப்படி அது உங்கள் விற்பனை. லாபம் இருந்தால் வரி உங்கள் தலையில்தான்.

சரி, எவ்வளவு எடுத்தால் தாங்கும்? 2020-ல் இதே ஆசிரியர் 6 லட்சம் எடுத்திருந்தால், மார்ச் 23-ல்கூட வரம்பு 6.16 லட்சம். ஒரு செய்தியும் வந்திருக்காது, மயிரிழையில் தப்பியிருப்பார். ஆனால் 2020-ஐ அளவுகோலாக வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 2008 ஜனவரி 8-ல் 6,288-ல் முடிந்த நிஃப்டி, அக்டோபர் 27-ல் 2,524-க்கு வந்தது. 60 சதவீத வீழ்ச்சி. அப்படி ஒன்று வந்தால் 20 லட்சம் 8 லட்சமாகும், வரம்பு 4 லட்சமாகும். ஆகவே என் அளவு, அடகு வைக்கும் ஈக்விட்டி ஃபண்டின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு. 20 லட்சத்துக்கு 4 லட்சம். வட்டியை மாதாமாதம் கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்டால் அது கடனோடு சேர்ந்து இந்த இடைவெளியைத் தின்றுவிடும்.

இது 50 நிறுவனங்களில் பரவிய இண்டெக்ஸ் ஃபண்டுக்கான கணக்கு. ஒரே கம்பெனியின் பங்கை அடகு வைப்பவருக்கு எந்த அளவும் பாதுகாப்பில்லை. 2020 மார்ச் 5 மாலை யெஸ் பேங்க்மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. அன்று 36.80 ரூபாயில் முடிந்த பங்கு மறுநாள் 16.20-ல் முடிந்தது. ஏழு நாள் அவகாசம் அங்கே எதற்கு உதவும்? போதாததற்கு, எந்தப் பங்கை, எந்த ஃபண்டை ஏற்பது என்ற பட்டியல் கடன் தருபவர் கையில் இருக்கிறது. ஒன்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், விலை இறங்காமலேயே உங்கள் வரம்பு இறங்கிவிடும்.

இந்தக் கடன் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் வைப்புநிதி முதிர்கிறது, அல்லது மனை விற்று முன்பணம் வாங்கியாயிற்று, பத்திரப்பதிவு மட்டும் பாக்கி. நடுவில் மருத்துவமனைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. இப்படி, திருப்பிக் கட்டும் பணம் எங்கிருந்து எந்த மாதம் வரும் என்று கையைக் காட்டிச் சொல்ல முடிந்தால், தனிநபர் கடனைவிட இது பொதுவாக மலிவு. 'மார்க்கெட் ஏறினதும் கட்டிடலாம்' என்பது அந்தப் பதில் அல்ல. வாங்கிய பணத்தை மறுபடி பங்கிலேயே போடுவது அதைவிட மோசம். சந்தை இறங்கும்போது அடகும் இறங்கும், அந்தப் பணத்தில் வாங்கியதும் இறங்கும்.

ஏற்கெனவே வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே கடன் கணக்கைத் திறந்து, இன்றைய வரம்பையும் பாக்கிக் கடனையும் ஒரு தாளில் எழுதுங்கள். சந்தை 40 சதவீதம் இறங்கினால் வரம்பு எவ்வளவு ஆகும் என்று பக்கத்தில் போடுங்கள். அது கடனைவிடக் குறைவாக இருந்தால், சந்தை இறங்குமுன் இப்போதே நிறுவனத்தின் சம்மதத்தோடு கொஞ்சம் யூனிட்களை நீங்களே விற்றுக் கடனைக் குறைத்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் அவகாசம், எந்த அளவு இறங்கினால் கேட்காமலே விற்கலாம் என்று எழுதியிருக்கிறது என்பதையும் படித்துவிடுங்கள். நீங்கள் கொடுத்திருக்கும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இன்றும் பயன்பாட்டில் உள்ளவைதானா என்றும் பாருங்கள். எச்சரிக்கை வருவது அந்த எண்ணுக்குத்தான்.