கிளிக் செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்

2022 ஜூலை 20. இணையப் பாதுகாப்புச் சேவை தரும் அமெரிக்க நிறுவனமான கிளவுட்ஃபிளேரின் ஊழியர்களுக்கு மளமளவென்று குறுஞ்செய்திகள் வந்து விழுந்தன. ஒரே நிமிடத்துக்குள் குறைந்தது 76 பேருக்கு. சிலருடைய வீட்டாரின் கைப்பேசிகளுக்கும் வந்தன. பணி அட்டவணை மாறியிருக்கிறது, இந்த இணைப்பில் பார்க்கவும் என்றது செய்தி. இணைப்பில் இருந்த முகவரி cloudflare-okta.com. ஊழியர்கள் தினமும் உள்நுழையப் பயன்படுத்தும் ஓக்டா சேவையின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் ஒன்றாகச் சேர்ந்திருந்ததால் பார்த்தவுடன் சந்தேகம் எழாது. அந்த முகவரி பதிவு செய்யப்பட்டு 40 நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

அவ்வளவு புதிய முகவரி எந்தத் தடைப்பட்டியலிலும் இருக்காது. பாதுகாப்புக் குழுவுக்கு விஷயம் எட்டியது ஊழியர்கள் அனுப்பிய புகார்களால்தான். குழு அந்த முகவரியை நிறுவனம் முழுவதும் தடுத்தது. யார் யார் கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள் என்று தேடியதில் மூன்று பேர் கிடைத்தார்கள். அவர்களுடைய கடவுச்சொற்கள் மாற்றப்பட்டன, உள்நுழைவுகள் துண்டிக்கப்பட்டன, கணினிகள் சோதிக்கப்பட்டன. உள்நுழைய ஒவ்வொருவரும் கையில் வைத்திருக்க வேண்டிய வன்பொருள் சாவி இருந்ததால், திருடிய கடவுச்சொல்லைக் கொண்டு யாராலும் உள்ளே வர முடியவில்லை.

பெரும்பாலான அலுவலகங்களில் அப்படிப்பட்ட சாவி கிடையாது. கடவுச்சொல்லும் கைப்பேசிக்கு வரும் ஓடிபியும்தான் பூட்டு. அங்கே கடவுச்சொல் பறிபோனால், ஊழியர் அனுப்பும் புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்த சில மணி நேரம் எப்படிப் போகும் என்பது முடிவாகும்.

ஒரு வரிப் புகார் போதாது

சந்தேகமான மின்னஞ்சலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்புபவர்களில் பலர், "இது ஃபிஷிங் மாதிரி தெரிகிறது, பார்க்கவும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கிளிக் செய்தவர்களும் அதையே எழுதுகிறார்கள். வெட்கமோ பயமோ காரணமாக இருக்கலாம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு குழுவால் இணைப்பைத் தடுக்க முடியும், மற்றவர்களின் அஞ்சல்பெட்டிகளிலிருந்து அந்த மின்னஞ்சலை நீக்க முடியும். ஆனால் அனுப்பியவரின் கணக்குக்குள் திருடன் ஏற்கெனவே நுழைந்திருந்தால், அவன் அங்கேயே இருப்பான்.

ஊழியர் எதுவரை போனார் என்பதைப் பொறுத்து மருந்து மாறும். மின்னஞ்சலைத் திறந்து படித்ததோடு நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் ஆபத்து இல்லை. இணைப்பைத் திறந்துவிட்டு எதையும் நிரப்பாமல் மூடியிருந்தால், அந்தப் பக்கம் கணினியில் எதையாவது இறக்கியதா என்று பார்க்க வேண்டும். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்திருந்தால் அதை உடனே மாற்ற வேண்டும். அதே கடவுச்சொல் வேறு எங்கெல்லாம் பயன்படுகிறதோ அங்கெல்லாமும் மாற்ற வேண்டும்.

ஓடிபியையும் கொடுத்திருந்தால், அல்லது கைப்பேசியில் வந்த ஒப்புதல் கோரிக்கையை ஏற்றிருந்தால், கடவுச்சொல்லை மாற்றுவது மட்டும் போதாது. இன்றைய போலிப் பக்கங்கள் பல, ஊழியருக்கும் உண்மையான தளத்துக்கும் நடுவே நின்றுகொண்டு, அவர் தரும் எல்லாவற்றையும் அந்த நொடியிலேயே உண்மைத் தளத்துக்குக் கடத்துகின்றன. உள்நுழைவு முடிந்ததும் தளம் தரும் அனுமதிச் சீட்டு போன்ற குக்கீ திருடன் கைக்குப் போய்விடுகிறது. கடவுச்சொல் மாறிய பிறகும் அது செல்லுபடியாகிக்கொண்டிருக்கலாம். நிர்வாகி அந்தக் கணக்கின் எல்லா உள்நுழைவுகளையும் ரத்து செய்தால்தான் கதவு மூடும்.

இணைப்பிலிருந்து கோப்பு ஒன்றை இறக்கித் திறந்திருந்தால் பிரச்சினை கணக்கைத் தாண்டிக் கணினிக்குள் போய்விட்டது. வைஃபையை அணைத்து, நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, கணினியை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டுத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். கணினியை அணைத்தால் நினைவகத்தில் இருக்கும் தடயங்கள் அழிந்துபோகும்.

நேரம் ஏன் வேண்டும்?

ஒரு எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவருக்கு, நிலுவையில் உள்ள விலைப்பட்டியலைப் பார்க்கச் சொல்லி மின்னஞ்சல் வருகிறது. இணைப்பைத் திறக்கிறார். வழக்கமான உள்நுழைவுப் பக்கம் போலவே ஒன்று வருகிறது. கடவுச்சொல்லைக் கொடுக்கிறார், கைப்பேசியில் ஒப்புதலும் தருகிறார். பிழைச் செய்தி வந்து பக்கம் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து, அதே மின்னஞ்சல் பக்கத்து மேசைக்கும் வந்திருப்பதைப் பார்த்ததும் உறைக்கிறது. அவர் பாதுகாப்புக் குழுவை அழைத்துச் சொல்லிவிட்டு, எழுத்திலும் அனுப்புகிறார்:

> பொருள்: சந்தேக மின்னஞ்சல் – கடவுச்சொல் கொடுத்துவிட்டேன், உள்நுழைவு ஒப்புதலும் தந்துவிட்டேன்
>
> மின்னஞ்சல் வந்தது: இன்று காலை 10:52
> இணைப்பைத் திறந்தது: 11:07, அலுவலக மடிக்கணினி, குரோம்
> கடவுச்சொல் கொடுத்தது: 11:08
> கைப்பேசியில் ஒப்புதல் தந்தது: 11:09, ஒரு முறை
> கோப்பு எதுவும் இறக்கவில்லை
> கடவுச்சொல் மாற்றியது: 11:41, முகவரியை நானே தட்டச்சு செய்து
> எல்லா நேரமும் இந்திய நேரம். மூல மின்னஞ்சல் இணைப்பாக உள்ளது. அதை நான் அழிக்கவில்லை.

இந்தச் சில வரிகள் குழுவின் வேலையை எவ்வளவு சுருக்குகின்றன என்று பார்ப்போம். உள்நுழைவுப் பதிவேட்டில் அந்த ஊழியரின் பெயரில் ஒரு நாளில் பல வரிகள் இருக்கும். 11:09க்குப் பழக்கமில்லாத ஐபி முகவரியிலிருந்து ஒரு நுழைவு தெரிந்தால், அதுதான் திருடன். அந்த நிமிடம் முதல் உள்நுழைவுகள் ரத்தான நிமிடம் வரை அந்த முகவரியிலிருந்து நடந்தவை எல்லாம் அவன் வேலை. எந்த மின்னஞ்சல்களைப் படித்தான், எந்தக் கோப்புகளை இறக்கினான், வாடிக்கையாளர் யாருக்காவது வங்கிக் கணக்கு மாறிவிட்டதாகக் கடிதம் அனுப்பினானா என்று அந்த இடைவெளியை மட்டும் துருவிப் பார்த்தால் போதும். 11:07க்கு ஊழியரின் மடிக்கணினி தொட்ட முகவரியை வைத்து, அலுவலகத்தில் வேறு யார் அதே இணைப்பைத் திறந்தார்கள் என்பதையும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்திய நேரம் என்று குறிப்பிடுவதற்கும் காரணம் உண்டு. பல சேவைகளின் பதிவேடுகள் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. காலை 11:09 என்பது பதிவேட்டில் 05:39. கிளவுட்ஃபிளேருக்குச் செய்திகள் வரத் தொடங்கியது யூடிசி 22:50க்கு. இந்தியாவில் அப்போது மறுநாள் அதிகாலை 4:20. எந்த நேரம் என்று சொல்லாவிட்டால், தேடுபவர் தேதியையே தவறவிட வாய்ப்பு இருக்கிறது.

சரியான நிமிடம் நினைவில் இல்லையென்றால் ஊகித்து எழுத வேண்டாம். உலாவியின் வரலாற்றுப் பக்கத்தில் அந்த முகவரி திறந்த நேரம் இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால், "மதிய உணவுக்கு முன், 12 முதல் 1 மணிக்குள்" என்று எழுதினாலே போதும்.

எப்படி அனுப்புவது?

சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால், மின்னஞ்சலின் தலைப்புத் தகவல்கள் வழியிலேயே தொலைந்துவிடும். அது எந்தச் சேவையகங்கள் வழியாக வந்தது, அனுப்புநர் சோதனைகளில் தேறியதா என்பதெல்லாம் அந்தத் தகவல்களில்தான் இருக்கிறது. அலுவலக மின்னஞ்சலில் புகார் பொத்தான் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லையென்றால் ஜிமெயிலில் மூன்று புள்ளிப் பட்டியலில் உள்ள `Forward as attachment` மூலமாக அனுப்பலாம். அவுட்லுக்கிலும் இதே வசதி உண்டு. அப்போது மூல மின்னஞ்சல் முழுதாக `.eml` அல்லது `.msg` கோப்பாகப் போய்ச் சேரும். திரைப்பிடிப்பு மட்டும் அனுப்பினால், பொத்தானுக்குப் பின்னால் மறைந்திருக்கும் உண்மையான முகவரி தெரியாது. குறுஞ்செய்தி என்றால் திரைப்பிடிப்புதான் வழி. அனுப்பிய எண்ணும் முழு இணைப்பும் அதில் தெரிய வேண்டும்.

புகார் பொத்தானில் ஒரு குறை இருக்கிறது. அது மின்னஞ்சலை அனுப்பிவிடும்; கிளிக் செய்ததை எழுதப் பெரும்பாலும் இடம் தராது. அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் ஊழியர் முதலில் தொலைபேசியை எடுத்ததும் சரியான காரியமே. கணக்கைப் பிடித்த திருடர்கள் அஞ்சல்பெட்டியில் ரகசியமாக ஒரு விதியைப் போட்டு, எச்சரிக்கைக் கடிதங்கள் உரியவர் கண்ணில் படாமல் அழித்துவிடுவது வழக்கம். குழு அனுப்பும் பதில் அவரிடம் வந்து சேராமலே போகலாம்.

சக ஊழியர்களை எச்சரிக்கும் நோக்கத்தில் அந்த மின்னஞ்சலை அவர்களுக்கு அனுப்பக் கூடாது. இணைப்பு அதில் உயிரோடுதான் இருக்கும். அனுப்பியவர் தெரிந்தவர் என்பதால் இன்னும் நம்பித் திறப்பார்கள்.

பயமும் சட்டமும்

2023 பிப்ரவரியில் ரெடிட் நிறுவனத்தில் ஓர் ஊழியர், உள்வலைத்தளத்தைப் போலவே செய்யப்பட்டிருந்த போலிப் பக்கத்தில் தன் விவரங்களைக் கொடுத்துவிட்டார். திருடர்கள் சில உள் ஆவணங்களையும் நிரல்களையும் எட்டிவிட்டார்கள். ஏமாந்ததை உணர்ந்தவுடன் அவரே பாதுகாப்புக் குழுவிடம் சொன்னார். குழு விரைந்து ஊடுருவலைத் துண்டித்து விசாரணையைத் தொடங்கியது. அவர் தானாகச் சொன்னதை நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது. கிளவுட்ஃபிளேரிலும் ஏமாந்த மூன்று பேரும் கண்டிக்கப்படவில்லை. ஏமாந்ததற்காகத் தண்டிக்கும் அலுவலகத்தில் அடுத்த ஊழியர் வாய் திறக்கமாட்டார். தானாக முன்வந்து சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்பது நிறுவனத்தின் எழுத்துபூர்வ விதியாக இருக்க வேண்டும் என்று கேட்பது ஊழியர்களின் நியாயமான கோரிக்கை.

இந்திய நிறுவனங்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி, ஃபிஷிங் உள்ளிட்ட இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை நிறுவனம் அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். எப்போது, என்ன நடந்தது என்று ஊழியர் எழுதித் தந்த வரிகள் அந்த அறிக்கைக்கும் அடித்தளமாகின்றன.

போலிப் பக்கத்தில் சொந்த வங்கிக் கணக்கின் விவரமும் போயிருந்தால், அலுவலகக் குழுவால் அதைக் காப்பாற்ற முடியாது. வங்கியையும், சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணையும் உடனே அழைக்க வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பிலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்கிறது. ஆகவே அழைத்த நேரத்தையும் புகார் எண்ணையும் குறித்துவைப்பது பணத்தைத் திரும்பக் கேட்க உதவும் ஆதாரம்.

அலுவலகப் புகாருக்கும் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் புகாரை மூடுவதற்கு முன் குழுவிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: என் எல்லா உள்நுழைவுகளும் ரத்தாகிவிட்டனவா? அஞ்சல்பெட்டியில் நான் போடாத விதியோ, நான் சேர்க்காத கைப்பேசியோ, நான் அனுமதிக்காத செயலியோ இருந்ததா? என் பெயரில் யாருக்காவது கடிதம் போயிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், அந்தக் கடிதம் யாருக்குப் போனதோ அவர்களுக்கு அன்றே தொலைபேசியில் தகவல் சொல்ல வேண்டும்.