நிலம் விற்ற பணம்: மொத்தமாகப் போடுவதா, பிரித்துப் போடுவதா?

பூர்வீக மனை விலைபோய், பத்திரப்பதிவு முடிந்து, வங்கிக் கணக்கில் அரைக் கோடி வந்து சேர்ந்த வீட்டில் அடுத்த வாரமே ஒரு கேள்வி எழும். “மார்க்கெட் உச்சத்தில் இருக்கே, மொத்தமா மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா, மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா போடலாமா?” இதற்குத் தெளிவான பதில் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் எது உண்மையிலேயே முதலீட்டுப் பணம் என்பதைப் பிரித்தெடுக்க வேண்டும்.

ஐம்பது லட்சமும் உங்களுடையது அல்ல

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். குடும்பத் தலைவர் தனியார் நிறுவன ஊழியர், வயது 52. 2010-ம் ஆண்டு 10 லட்சத்துக்கு வாங்கிய மனையை இப்போது 50 லட்சத்துக்கு விற்கிறார். லாபம் 40 லட்சம். 2024 ஜூலை 23 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவிகிதம். அதாவது 5 லட்சம். 4 சதவிகித செஸ் சேர்த்தால் 5.20 லட்சம். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம் என்பதால், பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவிகித வரி என்ற பழைய முறையோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் அடிப்படை வரியே ஐந்தரை லட்சம் வருகிறது. எனவே இவருக்கு 12.5 சதவிகிதமே லாபம்.

விற்பனை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குபவர் 1 சதவிகிதத்தை டி.டி.எஸ்-ஆகப் பிடித்துக்கொள்வார். இங்கே அது 50,000 ரூபாய். மீதி 4.70 லட்சத்தை முன்கூட்டிய வரியாக, அடுத்து வரும் தவணைத் தேதிக்குள் இவரே கட்ட வேண்டும். இந்தப் பணம் ஒரு நாள்கூடப் பங்குச் சந்தைப் பக்கம் போகக் கூடாது. வேறு வீடு வாங்கியோ, அரசு அறிவித்த பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் முதலீடு செய்தோ வரியைக் குறைக்க நினைப்பவர்கள், அந்த முடிவையும் இந்தக் கட்டத்திலேயே ஆடிட்டரிடம் பேசி எடுத்துவிட வேண்டும்.

வரி போக மீதி 44.80 லட்சம். மகளின் கல்லூரிச் செலவு அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு 8 லட்சம். வீட்டுக் கடன் பாக்கி 9 லட்சம். அவசரத் தேவைக்கு 3.80 லட்சம். இவை கழிந்தால் 24 லட்சம் நிற்கிறது. பத்து ஆண்டுகளுக்குத் தொட வேண்டியதில்லை என்று சொல்லக்கூடிய பணம் இதுதான். மொத்தமா, பிரித்தா என்ற கேள்வி இந்த 24 லட்சத்துக்கு மட்டுமே பொருந்தும்.

கணக்கு யார் பக்கம்?

கணக்கு மொத்தமாகப் போடுபவர் பக்கம்தான் அதிகம் சாய்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாட்டுச் சந்தைகளின் பழைய தரவுகளை வைத்து, வான்கார்டு நிறுவனம் 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பன்னிரண்டு மாதங்களில் பிரித்துப் போடுவதைவிட, மொத்தமாகப் போட்டதே ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறை முந்தியிருந்தது. காரணம் எளிது. சந்தை இறங்கும் ஆண்டுகளைவிட ஏறும் ஆண்டுகள் அதிகம். வரிசையில் காத்திருக்கும் பணத்துக்குக் குறைந்த வட்டிதான் கிடைக்கும்.

நம் ஊர்க் கணக்கையே பாருங்கள். 2016-ன் கடைசி வர்த்தக நாளில் நிஃப்டி 8,186. 2017 முடிவில் 10,531. தொடக்கத்திலேயே 24 லட்சத்தையும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருந்தால், ஆண்டு முடிவில் லாபம் சுமார் 6.9 லட்சம். மாதம் 2 லட்சமாகப் பிரித்துப் போட்டிருந்தால், காத்திருந்த பணத்தின் வட்டியையும் சேர்த்து சுமார் 3.5 லட்சம்தான்.

மூன்றில் ஒரு முறை

மீதி ஒரு பங்கு எப்படி இருக்கும் என்பதற்கு 2008 சாட்சி. அந்த ஆண்டு ஜனவரி 8 அன்று சென்செக்ஸ் 20,873-ல் முடிந்தது. அன்றைக்கு மொத்தமாகப் போட்ட 24 லட்சம், 2009 மார்ச் 9 அன்று, சென்செக்ஸ் 8,160-க்கு வந்தபோது, 9.4 லட்சமாகச் சுருங்கியிருக்கும். டிவிடெண்ட்டைச் சேர்க்காமல் பார்த்தால், போட்ட முதல் திரும்ப 2010 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 2008-ல் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் 2 லட்சம் போட்டவருக்கு, சராசரி வாங்கு விலை சென்செக்ஸ் கணக்கில் சுமார் 13,300. 2009 மே 18 அன்று, தேர்தல் முடிவுகளுக்குப் பிந்தைய முதல் வர்த்தக நாளில், சென்செக்ஸ் 2,111 புள்ளிகள் எகிறி, வர்த்தகமே நிறுத்தப்பட்டது. அன்றைய முடிவு 14,284. ஆக, இவர் ஒன்றரை ஆண்டு முன்னதாகவே லாபத்துக்கு வந்துவிட்டார்.

ஆனால் இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பிரித்துப் போட்டவரும் 2009 மார்ச்சில் 24 லட்சத்தை 14.7 லட்சமாகப் பார்த்தவர்தான். தவணை முடிந்த பிறகு அவருக்கும் மொத்தமாகப் போட்டவருக்கும் உள்ள ரிஸ்க் ஒன்றே. அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியாதவருக்குத் தேவை நீண்ட தவணை அல்ல, ஈக்விட்டிக்குப் போகும் தொகையைக் குறைப்பதுதான்.

அடுத்தது இன்னும் முக்கியம். செப்டம்பர் வரை ஒன்பது தவணை போட்டு, அக்டோபர் சரிவில் பயந்து நிறுத்தியவரின் சராசரி சுமார் 15,300. கடைசி மூன்று மலிவான தவணைகளை அவர் இழந்துவிட்டார். மே 18 அன்றும் நஷ்டத்திலேயே இருந்தார். பிரித்துப் போடும் முறை பயன்படுவதே சந்தை விழும் மாதங்களில்தான். அந்த மாதங்களில் நிறுத்தினால், விலை அதிகமாக இருந்தபோது வாங்கியது மட்டுமே மிஞ்சும்.

செய்ய வேண்டியது

பிரித்துப் போட முடிவெடுத்தால், அதற்கான வழி எஸ்.டி.பி. முழுத் தொகையையும் ஒரு ஃபண்ட் நிறுவனத்தின் லிக்விட் ஃபண்டில் போட்டு, அதே நிறுவனத்தின் ஈக்விட்டி ஃபண்டுக்கு மாதம் இவ்வளவு, இந்தத் தேதியில், இத்தனை தவணை என்று எழுதிக் கொடுத்தால் போதும். மீதி தானாக நடக்கும். ஒவ்வொரு மாற்றமும் லிக்விட் ஃபண்டை விற்றதாகவே கணக்கு. அதில் வரும் சிறு லாபத்துக்கு உங்கள் வருமான வரம்புப்படி வரி உண்டு. ஈக்விட்டி பக்கத்தில் ஓராண்டு என்ற நீண்டகாலக் கணக்கு ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகத்தான் ஓடும். கடைசித் தவணை போன மறுமாதமே எல்லாவற்றையும் எடுத்தால் பெரும்பகுதிக்குக் குறுகியகால வரி விழும்.

எத்தனை மாதம்? ஆறு முதல் பன்னிரண்டு. இரண்டு, மூன்று ஆண்டுகள் என்று இழுத்தால், பணத்தின் பெரும்பகுதி காத்திருப்பிலேயே காலத்தைக் கழிக்கும். ஈக்விட்டி 12, லிக்விட் 6 சதவிகிதம் தரும் என்று வைத்துக்கொண்டால், 24 லட்சத்தைப் பன்னிரண்டு மாதத்தில் பிரிப்பதன் விலை சுமார் 66,000 ரூபாய். மனநிம்மதிக்கு அது கட்டுபடியாகும் விலைதான்.

போனஸ் கதை வேறு. ஏற்கெனவே 30 லட்சம் ஈக்விட்டியில் இருப்பவர், 3 லட்சம் போனஸைப் பன்னிரண்டு துண்டாக்குவதில் பொருளில்லை. சந்தை 30 சதவிகிதம் விழுந்தால், அவரைப் பாதிக்கப்போவது பழைய 30 லட்சம்தான். போனஸை ஒரே நாளில் போட்டுவிடலாம்.

கையில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிய தொகை முதன்முறையாக வருகிறதா? வரியையும் நெருங்கிய தேவைகளையும் ஒதுக்கிவிட்டு, மீதியை ஓராண்டுக்குள் எஸ்.டி.பி-யில் முடியுங்கள். எந்தச் செய்தி வந்தாலும் தவணையை நிறுத்தாதீர்கள்.