வெண்டைக்காய்க்கு மட்டும் கூடுதல் காசு

எங்கள் தெருமுனையில் இரண்டு காய்கறிக் கடைகள் எதிரும் புதிருமாக இருக்கின்றன. ஒன்று சாக்கு விரித்துக் கூடை கூடையாகக் கொட்டிவைக்கும் கடை. இன்னொன்று கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட ‘ஆர்கானிக்’ கடை. அரைக் கிலோ வெண்டைக்காய் இங்கே 25 ரூபாய், அங்கே 50. நடுவில் இருபதடி ரோடு. வெகுநாள் வரை நானும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தேன். செய்தித்தாளில் பூச்சிமருந்து பற்றி ஏதாவது வந்தால் ஒரு மாதம் கண்ணாடிக் கதவு. மாதக் கடைசியில் கை கடித்ததும் மறுபடி சாக்கு.

இந்த ஊசலாட்டத்தை நிறுத்தியவர் மதுராந்தகம் பக்கம் அரை ஏக்கரில் வெண்டை போட்டிருந்த ஒரு விவசாயி. மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிப்பீர்கள் என்று கேட்டேன். மருந்து டப்பாவின் மேல் ஒவ்வொரு பயிருக்கும் காத்திருக்க வேண்டிய நாள் அச்சடித்திருக்கும். சிலவற்றுக்கு மூன்று நாள், சிலவற்றுக்கு ஐந்து, சிலவற்றுக்கு ஒரு வாரத்துக்கும் மேல். மருந்தின் வீரியம் வெயிலிலும் செடிக்குள்ளும் சிதைந்து பாதுகாப்பான அளவுக்கு இறங்க அந்த அவகாசம் தேவை.

அவர் சிரித்தார். “ஒருநாள் விட்டு ஒருநாள் வெண்டை பறிச்சே ஆகணும்மா. நாலு நாள் விட்டா முத்திப் போயிரும், மாட்டுக்குத்தான் போடணும். மருந்தையும் அடிக்காம இருக்க முடியாது. வெள்ளை ஈ வந்துச்சுன்னா செடி பூரா மஞ்ச தேமல் விழுந்துரும். டப்பாவுல போட்டிருக்கிற நாளைப் பாத்தா நான் எப்பப் பறிக்கிறது?”

அவர் மோசக்காரர் அல்ல. தன் வீட்டுக்கென்று வரப்போரம் மருந்து படாமல் நாலு செடி வைத்திருப்பதையும் அவரே காட்டினார். அவர் சொன்னதிலிருந்து எனக்குப் பிடிபட்டது ஒன்று. ஒரு காயில் எவ்வளவு மருந்து மிச்சம் இருக்கும் என்பதில், அந்தக் காய் பறிக்கப்படும் விதத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

காய்கறிகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் இரண்டாகப் பிரியும். வெண்டை, கத்தரி, பச்சை மிளகாய், தக்காளி, பீன்ஸ் போன்றவை செடியில் பூவும் பிஞ்சும் காயுமாக ஒரே சமயத்தில் நிற்கும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது பறிக்க வேண்டும். இன்றைய பிஞ்சைக் காப்பாற்ற அடிக்கும் மருந்து நாளைக்குச் சந்தைக்குப் போகிற காயின் மேலும் விழுகிறது. காய்க்கு மேல்தோலை உரிக்கும் வழக்கமும் இல்லை. கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலையில் நாம் தின்பதே மருந்து விழுகிற இலையைத்தான். காலிஃப்ளவரின் பூவுக்குள் புழு ஒளிந்துகொள்ளும், மருந்தும் அதே இடுக்குகளில் தங்கும்.

அந்தப் பக்கம் சேனை, சேப்பங்கிழங்கு, பூசணி, பெரிய வெங்காயம், வாழைத்தண்டு, வாழைக்காய். இவற்றில் பல மண்ணுக்குள் இருப்பவை. பெரும்பாலும் ஒரே அறுவடையில் முடிந்துவிடுவதால், கடைசியாக மருந்து அடித்ததற்கும் அறுவடைக்கும் இடையே நாள் கிடைக்கும். போதாததற்குத் தடித்த தோலை நாமே சீவி எறிகிறோம். சேனைக்கிழங்கை ஆர்கானிக் கடையில் இரட்டை விலைக்கு வாங்குவது, என்னைக் கேட்டால், வீண்.

இனி, பயப்பட எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். மத்திய வேளாண் அமைச்சகம் நாடு முழுவதும் மாதிரி எடுத்து மருந்து எச்சம் பார்க்கிறது. 2014–15இல் காய், பழம், மசாலா, தானியம் என்று 20,618 மாதிரிகள் எடுத்தார்கள். 18.7 சதவீத மாதிரிகளில் எச்சம் இருந்தது. சட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டியவை 2.6 சதவீதம். நம் தட்டில் விழுவதெல்லாம் விஷம் என்ற பேச்சு இந்தக் கணக்குக்கு முன் நிற்காது. ஆனால் என்னை உறுத்துவது வேறொரு எண். 12.5 சதவீத மாதிரிகளில், அந்தப் பயிருக்கு அனுமதியே இல்லாத மருந்து இருந்தது. மோனோகுரோட்டோபாஸை காய்கறியில் அடிக்கக் கூடாது என்று 2005லேயே உத்தரவு போட்டாயிற்று. பருத்திக்கு வாங்கியது கத்தரிக்குப் போகாமல் யார் காவல் காத்தார்கள்? ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலையையும் வெண்டையையும் தனியாகப் பட்டியலிட்டுத் துறைமுகத்தில் கூடுதலாகச் சோதித்ததும் இந்த எச்சங்களுக்காகத்தான். அங்கே போகும் சரக்குக்குச் சோதனை உண்டு. தெருமுனைக் கடைக்கு வரும் சரக்கை யார் சோதிக்கிறார்கள்?

சத்து அதிகம் என்பதற்காக ஆர்கானிக் வாங்குவதாக இருந்தால் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2012இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சத்து கூடுதல் என்பதற்கு வலுவான ஆதாரம் அகப்படவில்லை. மருந்து எச்சம் குறைவு என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஆக, கூடுதல் காசு எச்சத்துக்காகக் கொடுப்பது. எச்சம் குறைவாக உள்ள காய்க்கு அதைக் கொடுப்பானேன்?

கழுவினால் போகாதா என்பது அடுத்த கேள்வி. பாதி போகும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஆப்பிள் மேல் இரண்டு மருந்துகளைத் தடவிச் சோதித்தார்கள். சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறியதும் தோலின் மேல் இருந்ததில் பெரும்பகுதி போய்விட்டது. தோலுக்குள் இறங்கியது போகவில்லை. நம் வெண்டைக்கும் கத்தரிக்கும் அடிக்கிற மருந்துகளில் பல, செடி உறிஞ்சிக்கொண்டு சாறு வழியாக எல்லா இடமும் பரவும் வகை. சாறு உறிஞ்சும் பூச்சியைக் கொல்ல அப்படித்தான் இருக்க வேண்டும். அதைக் குழாயடியில் கழுவி எடுக்க முடியாது. வெள்ளாயணியில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தார் புளிக்கரைசலிலோ வினிகர் கலந்த நீரிலோ ஊறவைத்துக் கழுவச் சொல்கிறார்கள். நான் கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்துக் கால் மணி நேரம் போட்டுவைத்து, பிறகு இரண்டு தண்ணீரில் அலசுகிறேன். ஆர்கானிக் கீரையையும் நன்றாக அலசத்தான் வேண்டும். மாட்டெருவில் விளைந்தது, கிருமிக்கு ஆர்கானிக் தெரியாது.

இப்போது காசுக்கு வருவோம். ஒரு சனிக்கிழமை, நாலு பேர் உள்ள எங்கள் வீட்டின் ஒரு வாரக் காய்கறிச் சீட்டை இரண்டு கடையிலும் விலை கேட்டு எழுதினேன். சாக்குக் கடையில் மொத்தம் 700 ரூபாய். கண்ணாடிக் கதவில் அதே சீட்டு 1,380. வாரத்துக்கு 680 கூடுதல் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 2,950. எங்களைப் போன்ற குடும்பத்தில் அது ஒரு பிள்ளையின் டியூஷன் பணம்.

பிறகு வெண்டை, கத்தரி, பச்சை மிளகாய், மூன்று கட்டு கீரை, கொத்தமல்லி–கறிவேப்பிலை, காலிஃப்ளவர் ஆகியவற்றை மட்டும் ஆர்கானிக்காகப் போட்டுப் பார்த்தேன். சாதாரண விலையில் இவை 190 ரூபாய், அங்கே 360. வித்தியாசம் 170. மாதத்துக்கு 740 ரூபாய் சுமார். தக்காளிதான் இழுபறி. வாரத்துக்கு இரண்டு கிலோ போகிறது. அதையும் சேர்த்தால் மாதம் இன்னும் 350 ரூபாய் ஏறும். நான் சேர்க்கவில்லை, ஊறவைத்துக் கழுவுவதோடு விட்டுவிட்டேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நான் சேர்த்திருப்பேன். உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் குழந்தைக்குப் போகும் எச்சத்தின் பங்கு பெரியவர்களைவிட அதிகம். கறிவேப்பிலையும் மிளகாயும் மொட்டைமாடித் தொட்டியில் வந்துவிடும் என்பதால் அந்தச் செலவும் ஆறு மாதத்தில் குறையும்.

விலை ஏறினால் காயின் அளவைக் குறைத்துவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் காய்கறி சொல்லியிருக்கிறது. நாம் பாதியைக்கூட எட்டுவது அபூர்வம். அரைக் கிலோ ஆர்கானிக் பீன்ஸை நாலு பேர் இரண்டு வேளைக்குப் பங்கு போட்டுக்கொள்வதைவிட, அதே காசுக்கு ஒரு கிலோ சாதாரண பீன்ஸ் வாங்கிக் கழுவிச் சமைப்பது மேல்.

சரி, கொடுக்கிற கூடுதல் காசுக்கு நிஜமாகவே ஆர்கானிக் கிடைக்கிறதா? இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். ‘இயற்கை’, ‘நஞ்சில்லாதது’ என்று யார் வேண்டுமானாலும் போர்டு எழுதலாம். பாக்கெட்டில் வருவதற்கு அரசு அங்கீகரித்த ஆர்கானிக் முத்திரை இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் இரண்டு வழிச் சான்றுகள். ஒன்று, கோவையில் தலைமையகம் கொண்ட மாநில விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றளிப்புத் துறை போன்ற அமைப்பு நேரில் ஆய்வு செய்து தருவது. இன்னொன்று பி.ஜி.எஸ். எனப்படும், பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் முறை. முழுச் சான்று கிடைக்க நிலத்தில் ரசாயனத்தை நிறுத்தி ஆண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு ஆக வேண்டும். நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் சிறு விவசாயிக்குச் சான்று கட்டாயமில்லை. கூடையில் கொட்டிவைத்த காயைப் பொறுத்தவரை நமக்கு இருப்பது விற்பவரின் வாய்ச்சொல்தான். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரியைச் சோதிக்கச் சில ஆயிரம் ஆகும், எந்தக் குடும்பமும் அதைச் செய்யப்போவதில்லை.

புழு இருந்தால் இயற்கை என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதை விட்டுவிடுங்கள். கத்தரிக்காய்ப் புழு பிஞ்சிலேயே துளைத்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே எத்தனை முறை மருந்து அடித்தாலும் அதன் தலையில் படாது. சொத்தைக் கத்தரி, மருந்தில் குளித்த சொத்தைக் கத்தரியாகவும் இருக்கலாம்.

நான் வேறொன்றைக் கவனிக்கிறேன். கடையில் எல்லாக் காயும் எல்லா வாரமும் ஒரே அளவில், ஒரே விலையில் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். எந்த ஊர், யார் தோட்டம் என்று கேட்பேன். “நம்ம ஃபார்ம்ஸ்லேர்ந்துதான் மேடம்” என்று மொட்டையாகப் பதில் வந்தால் அங்கே வாங்குவதில்லை. அப்படித்தான் கண்ணாடிக் கதவு எனக்கு மூடிக்கொண்டது. இப்போது சனிக்கிழமை காலையில் பள்ளி மைதானத்தில் கூடும் சின்னச் சந்தைக்குப் போகிறேன். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஏழெட்டு விவசாயிகள் வருகிறார்கள். விலை ஆர்கானிக் கடையைவிடக் கொஞ்சம் கம்மி.

போன வாரம் வெண்டை கேட்டேன். “இல்லக்கா. மஞ்ச தேமல் விழுந்து பாதிச் செடியைப் பிடுங்கிட்டேன். இனிமே புதுசா விதை போட்டுக் காய் பாக்க நாப்பத்தஞ்சு நாளாவும்” என்றார் அந்தப் பெண். கத்தரிக்காயும் இரண்டு கட்டு அரைக்கீரையும் வாங்கிக்கொண்டேன். திரும்பும் வழியில் சாக்குக் கடையில் பூசணிக்காய் ஒரு கீற்று.