நினைவுப் படத்தில் மறைந்தவர் முகத்தைச் சேர்த்தல்: கண்ணியமும் குடும்ப ஒப்புதலும்

மறைந்த உறவினர் ஒருவரின் முகத்தைப் பழைய படத்திலிருந்து எடுத்து, வேறோர் உடலோடோ ஒரு குடும்பப் படத்தோடோ பொருத்தி நினைவுப் படம் செய்வது தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் வழக்கமான வேலை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும் இது பெரும்பாலும் இரண்டு சமயங்களில் தேவைப்படுகிறது. முதலாவது, காரியத்தன்று நடக்கும் படத்திறப்பு. இரண்டாவது, பல ஆண்டுகளுக்குப் பின் வரும் திருமணம் அல்லது புதுமனை புகுவிழா. முதல் வகையில் நேரம் குறைவு. குடும்பத்தில் ஒருவர் மட்டும் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டாம் வகையில் உயிரோடு இருப்பவர்களும் படத்தில் நிற்கிறார்கள். அதனால் ஒப்புதல் பற்றிய சிக்கல் அங்கே கூடுதல்.

பின்னணி

முகத்தைத் திருத்துவது கணினியோடு வந்த பழக்கம் அல்ல. வாழ்நாளில் படமே எடுத்துக்கொள்ளாதவர் இறந்தால், உடலை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். பிறகு ஸ்டூடியோக்காரர் மூடிய கண்களைத் தூரிகையால் திறந்த கண்களாகத் தீட்டுவார். இன்று ஏதாவது ஒரு படம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் ஆதார் அட்டையிலோ, பாஸ்போர்ட்டிலோ, திருமண ஆல்பத்தின் ஓரத்திலோ உள்ள சிறிய முகமாக இருக்கிறது.

மூலப்படம் எவ்வளவு தாங்கும்

கண்ணியம் முதலில் மூலப்படத்தைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. 12×15 அங்குல மார்பளவுப் படத்தில் முகம் சுமார் 5 அங்குல உயரம் வரும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் அச்சிட 1,500 புள்ளி உயரமுள்ள முகம் வேண்டும். 150 புள்ளி அளவில் அச்சிட்டால் 750 போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்தில் முகம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அதை 600 புள்ளியில் ஸ்கேன் செய்தால் சுமார் 700 புள்ளி கிடைக்கும். சுவரில் மாட்டும் பெரிய படத்துக்கு இது விளிம்பு நிலை. முகம் ஓர் அங்குலமே வரும் குடும்பப் படத்துக்குத் தாராளம்.

அட்டையைச் செல்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்கிவிடுகிறது. மூல அட்டையை நேரில் கொண்டுபோய் ஸ்கேன் செய்வதும், வெளியூரிலிருந்து அனுப்புவோர் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புவதும் இதைத் தவிர்க்கும்.

புள்ளி போதாதபோது மென்பொருள் மீதியைக் கற்பனையாக நிரப்புகிறது. செயற்கை நுண்ணறிவு வழியாக முகத்தைத் தெளிவாக்கும் செயலிகள் கண்ணிமை, பல், தோல் ஆகியவற்றைப் பிற முகங்களிலிருந்து கற்ற பொது வடிவில் வரைகின்றன. படம் பளிச்சென்று தெரியும். ஆனால் மச்சமும், அம்மைத் தழும்பும், சற்றே சாய்ந்த புன்னகையும் மறைந்து, சாயல் உள்ள வேறொருவர் வந்துவிடுவார். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. இறந்தவரோடு நெடுநாள் வாழ்ந்த ஒருவரிடம் எந்த விளக்கமும் தராமல் மாதிரிப் படத்தைக் காட்ட வேண்டும். அவர் ஒரு கணம் தயங்கினாலே முகம் மாறிவிட்டது என்று கொள்ளலாம்.

கண்ணியம் குலையும் இடங்கள்

முகத்தை வெளுப்பாக்குவது மிகப் பரவலான பிழை. கழுத்தின் நிறமும் முகத்தின் நிறமும் ஒட்டாமல் நிற்பதால் அது உடனே தெரியும். வாழ்நாள் முழுவதும் வேட்டி, சட்டை, துண்டோடு இருந்த உழவருக்குக் கோட்டு மாட்டிய ஆயத்த உடலைப் பொருத்துவதும் அதுபோன்றதே. அவருடைய சொந்தச் சட்டை தெரியும் வேறொரு படம் வீட்டில் இருக்கக்கூடும். அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

சமயக் குறிகளை ஊகத்தில் சேர்க்கக் கூடாது. விபூதி, குத்துவிளக்கு, சந்தன மாலை உள்ள ஆயத்தச் சட்டகம் ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துக்குப் பொருந்தாது. லெப்பைக்குடிகாடு போன்ற ஊர்களின் இசுலாமியக் குடும்பங்களில் உருவப்படம் மாட்டுவதையே விரும்பாதவர் உண்டு. பெண்களின் பொட்டு, தாலி பற்றியும் கேட்டே செய்ய வேண்டும். இறந்த கணவரை அருகில் சேர்க்கும்போது, இன்று பொட்டு வைக்காத மனைவிக்குப் பொட்டு வைத்துவிடலாமா என்பதை அவர் மட்டுமே சொல்ல முடியும்.

சட்டம் சொல்வது

மறைந்தவரின் உருவத்துக்கு வாரிசு உரிமை இருக்கிறது என்று பலர் கருதுகின்றனர். ஜெயலலிதாவின் வாழ்க்கையை வைத்து எடுக்கப்பட்ட படைப்புகளை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய தனியுரிமையும் நற்பெயரும் அவர் இறப்போடு முடிகின்றன. அவை சொத்தைப்போல வாரிசுக்குப் போவதில்லை என்பது அதன் சாரம். ஆனால் இறந்தவரின் பெயரைக் கெடுத்து உறவினரைப் புண்படுத்தும் நோக்கில் செய்வது, பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவின்படி அவதூறாகலாம்.

ஆகவே நினைவுப் படத்துக்கான ஒப்புதல் பெரும்பாலும் சட்டத்தால் கட்டாயமானது அல்ல, வழக்கத்தால் காக்கப்படுவது. 2023 டிசம்பரில் மறைந்த நடிகர் விஜயகாந்தின் முகம், 2024 செப்டம்பரில் வெளியான ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ படத்தில் தொழில்நுட்பம் வழியாக இடம்பெற்றது. படக்குழு அதற்கு முன் அவர் மனைவி பிரேமலதாவிடம் ஒப்புதல் பெற்றது. அனுமதியின்றி அவர் உருவத்தை இவ்வாறு பயன்படுத்தக் கூடாது என்று அவர் தரப்பு அறிக்கையும் வெளியிட்டது. திரைத்துறை கேட்டுப் பெற்ற அதே ஒப்புதல், ஊர் ஸ்டூடியோவிலும் கேட்கப்பட வேண்டியதே.

யாரிடம் கேட்பது

கேட்க வேண்டியவர் மூவகையினர். முதலில், இறந்தவரின் கணவர் அல்லது மனைவி. அவர் இல்லையெனில் பெற்றோரும் பிள்ளைகளும். அடுத்து, சேர்ப்புப் படத்தில் உடன் நிற்கும் ஒவ்வொருவரும். மூன்றாவதாக, மூலப்படத்தைக் கொடுத்தவர். அதை வெட்டிப் பயன்படுத்துவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுச் சுவருக்குக் கொடுத்த ஒப்புதல் ஃபிளெக்ஸ் பேனருக்கோ ஸ்டூடியோவின் விளம்பரத்துக்கோ பொருந்தாது. அவற்றைத் தனித்தனியே கேட்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

செந்துறைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தந்தை 35 வயதில் இறந்துவிட்டார். தாய்க்கு இப்போது 62. மகன் தன் திருமணப் படத்தில் அப்பாவைச் சேர்க்க விரும்புகிறார். இருக்கும் ஒரே பாஸ்போர்ட் படத்தை அப்படியே பொருத்தினால் கணவர் மனைவிக்கு மகன்போலத் தெரிவார். அவரை 65 வயதுக்கு முதுமையாக்கினால், யாருமே பார்த்திராத ஒரு முகம் உருவாகும். அது தாயை அதிரவைக்கலாம்.

இங்கே மூன்றாவது வழி ஒன்று உண்டு. மணமக்களுக்குப் பின்னால் உள்ள சுவரில், சட்டகமிட்ட படமாக அந்த 35 வயது முகத்தை வைப்பது. முகம் சிறிதாக வருவதால் மூலப்படத்தின் புள்ளிகள் போதும். அவர் அன்று அங்கே நின்றார் என்று படம் பொய் சொல்வதும் இல்லை. முதலில் தாயிடம் தனியாக மாதிரியைக் காட்டி, அவர் சரி என்ற பிறகு, சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணனுக்கு அதை அனுப்பி ஒப்புதல் பெற்று, அதன்பின் அச்சிடலாம். தாய் வேண்டாம் என்றால் மகனின் விருப்பம் அங்கே நிற்க வேண்டும்.

அச்சு முடிந்ததும் திருத்தப்படாத மூலப்படத்தின் ஸ்கேன் குடும்பத்திடம் தனியாகத் தரப்பட வேண்டும். சேர்ப்புப் படத்தின் பின்புறத்தில் அது சேர்க்கப்பட்ட படம் என்றும், செய்த ஆண்டும் எழுதிவைத்தால், அவரைப் பார்த்திராத பேரப்பிள்ளைகள் எது அவர் உண்மை முகம் என்று அறிந்துகொள்வர்.